இருபது கேப்ஷன், ஒரு கரெக்‌ஷன், ஆறாயிரம் ரூபாய்

"மாசம் எவ்வளவுங்க?"

வாட்ஸ்அப்பில் இப்படித்தான் வேலை வரும். கேட்பவர் ஒரு கடைக்காரர். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் கடைக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறார். படம் எடுக்க ஆள் இருக்கிறது, படத்துக்குக் கீழே எழுதத்தான் ஆள் இல்லை. "ஒரு கேப்ஷனுக்கு 300 ரூபாய் சார்" என்று இந்தப் பக்கத்திலிருந்து பதில் போகும். அங்கிருந்து ஒரு கட்டைவிரல் வரும். அத்தோடு ஒப்பந்தம் முடிந்தது என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள்.

உண்மையில் அங்கே பேசி முடிவானது விலை மட்டும்தான். எதற்கு அந்த விலை என்பது பேசப்படவே இல்லை. மாதத்துக்கு எத்தனை, எந்த மொழியில், விவரம் யார் தருவது, பிடிக்கவில்லை என்றால் எத்தனை தடவை மாற்றித் தர வேண்டும், தீபாவளி வாரத்தில் ராத்திரி பத்து மணிக்கு 'அவசரம்' என்று வந்தால் என்ன செய்வது, பணம் எந்தத் தேதியில் வரும் ஆகிய எதற்கும் பதில் கிடையாது. மூன்றாவது வாரத்தில் வரும் சண்டை எல்லாமே இந்தப் பேசாத விஷயங்களில் இருந்துதான் வரும். இரண்டு பக்கத்தில் ஒரு முன்மொழிவு எழுதினால் இதில் முக்கால்வாசி அடங்கிவிடும். கடைக்காரர்கள் அதை 'கொட்டேஷன்' என்பார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். மதுரையில் ஒரு சுங்குடிப் புடவைக் கடை. அப்பா கல்லாவில் இருக்கிறார், மகன் ஆன்லைன் விற்பனையைப் பார்க்கிறார், எந்தப் புடவையைப் படம் எடுக்க வேண்டும் என்று மருமகள் முடிவு செய்கிறார். எழுதித் தருபவர் வீட்டிலிருந்தே தனியாக வேலை செய்யும் ஒரு பெண். எந்த நிறுவனத்திலும் சம்பளக்காரர் இல்லை.

கொட்டேஷனின் முதல் பத்தியில் பலர் தங்களைப் பற்றி எழுதுகிறார்கள். "நான் ஐந்து வருடமாக இத்துறையில்..." என்று தொடங்கினால் கடைக்காரர் படிக்க மாட்டார். அவருடைய பக்கத்தில் கண்ணுக்குப் பட்டது என்ன என்று எழுதினால் படிப்பார். நம் உதாரணக் கடையின் பக்கத்தில் எல்லாப் படத்துக்கும் கீழே கிட்டத்தட்ட ஒரே வரிதான்: "புதிய வரவு! அழகான சுங்குடிப் புடவைகள்!" அதற்குக் கீழே கருத்துகளில் திரும்பத் திரும்ப மூன்று கேள்விகள்: விலை என்ன, பிளவுஸ் துணி உண்டா, சாயம் போகுமா. இந்த மூன்று கேள்விகளையும் முதல் பத்தியில் சுட்டிக்காட்டி, ஒரே ஒரு படத்துக்கு மட்டும் எழுதிக் காட்டினால் போதும்:

"இந்தப் புள்ளிகள் அச்சு இல்லை. ஒவ்வொன்றும் விரலால் கிள்ளி, நூலால் கட்டிய முடிச்சு. பிளவுஸ் துணியோடு 1,450 ரூபாய். முதல் இரண்டு தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள்."

இன்ஸ்டாகிராமில் கேப்ஷனுக்கு 2,200 குறிகள் வரை இடம் உண்டு. ஆனால் நகர்த்திக்கொண்டே போகிறவர் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிதான், மீதி மடிந்து உள்ளே போய்விடும். தமிழில் அந்த இடம் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும், நம் சொற்கள் நீளம். அதனால்தான் மேலே முடிச்சு முதல் வரியில் வந்தது, அலசுவது கடைசிக்குப் போனது. வார்த்தைக்கு இவ்வளவு என்று கேப்ஷனுக்கு விலை வைப்பது சரிவராததற்கும் இதுவே காரணம். நாற்பது வார்த்தையைப் பன்னிரண்டாகக் குறைக்கத்தான் நேரம் ஆகும். குறைத்தால் கூலியும் குறையும் என்றால் யார் குறைப்பார்கள்?

மாதிரி ஒன்று போதும் என்று சொன்னேன். "ஒரு பத்து சாம்பிள் அனுப்பும்மா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பத்து என்பது பாதி மாத வேலை. அதைச் 'சோதனைத் தொகுப்பு' என்று பெயரிட்டு, கொட்டேஷனிலேயே விலை போட்டுவிடுவதுதான் மரியாதையான வழி.

அடுத்து மாத வேலையின் அளவு. "உங்கள் சமூக ஊடகப் பக்கங்களுக்குத் தேவையான கேப்ஷன்கள்" என்று எழுதினால் அது கிணற்றுக்கு மூடி போடாத கதை. தேவை என்பதற்கு எல்லை ஏது? நம் உதாரணத்தில் அளவு இப்படி இருக்கும்: மாதத்துக்கு 20 கேப்ஷன். அதில் 12 புடவைப் படங்களுக்கு, 8 ரீல்ஸுக்கு. எல்லாம் தமிழில். ஒவ்வொன்றோடும் பொருத்தமான ஹேஷ்டேக்குகள். இன்ஸ்டாகிராமுக்கு எழுதியதையே ஃபேஸ்புக்கிலும் போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கணக்கு இல்லை. ஆங்கிலத்திலும் வேண்டும் என்றால் அது இன்னொரு கேப்ஷன்.

எது உள்ளே இல்லை என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டும். படத்தின் மேலே வரும் எழுத்து, ரீல்ஸில் பேசும் வசனம், கருத்துகளுக்குப் பதில், பதிவேற்றுவது, விளம்பரப் பணம் கட்டுவது ஆகிய ஐந்தும் கேப்ஷன் வேலை இல்லை. கடைக்காரருக்கு இது தெரியாது. தெரியாதது அவர் தப்பும் இல்லை. 'எழுதுற பொண்ணு' என்றால் எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாமே அவள் வேலை என்று அவர் நினைப்பது இயல்புதான். வசனம் எழுதித் தர உங்களால் முடியும் என்றால் அதற்கு ஒரு விலை போட்டுத் தனியாகக் காட்டலாம். காட்டாமல் விட்டால் இலவசம் என்று அர்த்தமாகும்.

நாள் கணக்கும் இந்த இடத்தில்தான் வர வேண்டும். முந்தைய மாதம் 22ஆம் தேதிக்குள் கடையிலிருந்து படங்களும் விவரத் தாளும் வரும். 28ஆம் தேதி முதல் பத்து கேப்ஷன் போகும், அடுத்த மாதம் 10ஆம் தேதி மீதிப் பத்து. விவரம் இரண்டு நாள் தள்ளி வந்தால் கேப்ஷனும் இரண்டு நாள் தள்ளிப் போகும் என்று ஒரு வரி. இந்த ஒரு வரி இல்லாததால் கடைக்காரரின் தாமதம் எழுதுபவரின் தாமதமாக மாறுவதை நிறையப் பார்க்கலாம்.

விவரத் தாள் என்பது சாதாரண கூகுள் ஷீட்தான். புடவை எண், விலை, பிளவுஸ் உண்டா இல்லையா, துணி என்ன, புள்ளி எப்படிப் போட்டது, எத்தனை இருப்பு. இதில் 'புள்ளி எப்படிப் போட்டது' என்ற கட்டத்தை நான் சும்மா சேர்க்கவில்லை. சுங்குடி என்பது மதுரையின் சௌராஷ்டிர மக்கள் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் முக்கிச் செய்துவந்த வேலை. புவிசார் குறியீடு பெற்றது. இன்று அதே பெயரில் மெழுகு அச்சு வைத்ததும் விற்கிறது, சாதாரண அச்சும் விற்கிறது. புகைப்படத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். கையில் எடுத்தால், கட்டிய புள்ளியில் விளிம்பு கொஞ்சம் கோணலாக இருக்கும், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. வீட்டில் உட்கார்ந்து எழுதுபவர் கையில் புடவை இல்லை. அச்சுப் புடவைக்கு "ஒவ்வொன்றும் முடிச்சு" என்று எழுதிவிட்டால் அது பொய் விளம்பரம். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மத்திய ஆணையம் ஒன்றுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், வாங்கி ஏமாந்த ஒருவர் கருத்தில் வந்து எழுதினால் போதும். ஆகவே கொட்டேஷனில் ஒரு வரி: "விவரத் தாளில் உள்ள தகவல்களுக்குக் கடை பொறுப்பு. தாளில் இல்லாத எதையும் நான் எழுத மாட்டேன்."

இனி கரெக்‌ஷன். விலையைவிட இந்தப் பகுதியைத்தான் நிதானமாக எழுத வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று பிறகு கணக்கில் தெரியும்.

"இரண்டு முறை இலவசமாகத் திருத்தித் தரப்படும்" என்று பொதுவாக எழுதுகிறார்கள். இதில் 'முறை' என்றால் என்ன? காலையில் மகன் ஒரு வாய்ஸ் நோட்டில் மூன்று கேப்ஷனுக்குக் கருத்து சொல்கிறார். மதியம் மருமகள் அதில் ஒன்றை மட்டும் மறுபடி மாற்றச் சொல்கிறார். சாயங்காலம் அப்பா பார்த்துவிட்டு, "என்னம்மா, பஞ்ச்சாவே இல்லையே" என்கிறார். இது ஒரு முறையா, மூன்று முறையா? எண்ணிக்கை எழுதினால் மட்டும் வரம்பு வந்துவிடாது. எதை ஒன்று என்று எண்ணுகிறோம் என்பதை எழுத வேண்டும்.

சரியான வரையறை இப்படி இருக்கும்: பத்து கேப்ஷனும் ஒன்றாகப் போகும். கடையின் சார்பில் ஒரே ஒருவர், அவர் பெயரைக் கொட்டேஷனிலேயே குறித்துவிட வேண்டும், வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிட்டு, ஷீட்டில் அந்தந்தக் கேப்ஷனுக்கு எதிரே எழுத்தில் கருத்து போடுவார். அப்படி ஒரு தடவை மொத்தமாக வந்தால் அது ஒரு சுற்று. அந்தச் சுற்று விலைக்குள் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு கேப்ஷனுக்கும் 100 ரூபாய். இரண்டு நாளுக்குள் எந்தக் கருத்தும் வரவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

கடைசி வரியைப் படித்துவிட்டு, "இது கொஞ்சம் கறாரா இருக்கே" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். சொல்லட்டும். பதிவு போக வேண்டிய நாளில் சம்மதம் வராமல் காத்திருந்தால் நட்டம் அவருக்கும்தான் என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

திருத்தம் எல்லாம் ஒரே வகை இல்லை என்பதும் கொட்டேஷனில் தெரிய வேண்டும். எழுத்துப்பிழை, ஷீட்டில் 1,450 என்று இருக்க 1,540 என்று எழுதியது, வேறு புடவையின் விவரம் மாறி வந்தது ஆகியவை எழுதுபவரின் தவறு. இவற்றுக்குச் சுற்றும் கிடையாது, காசும் கிடையாது. எப்போது சொன்னாலும் திருத்தித் தந்துதான் ஆக வேண்டும். 'கிள்ளி' என்ற சொல் பிடிக்கவில்லை, முதல் வரி இன்னும் சுருக்கமாக வேண்டும், 'ரூபாய்' என்பதற்குப் பதில் குறியீடு போடலாம் போன்றவை ரசனை. அந்த ஒரு சுற்று இவற்றுக்காகத்தான். மூன்றாவது வகைதான் ஆபத்து. "அந்தப் புடவை வித்துப் போச்சும்மா, அதுக்குப் பதிலா இந்த மஞ்சளைப் போட்டுக்கலாம்" என்பார்கள். கேட்பவருக்கு அது சின்ன மாற்றம். எழுதுபவருக்கு அது புதுக் கேப்ஷன். படம் மாறினாலோ சலுகை மாறினாலோ அது திருத்தம் இல்லை, புதிது என்று எழுதி வைத்திருந்தால், "அண்ணே, இது மாத்துறது இல்ல, புதுசு. இருபதுல ஒண்ணாக் கழிச்சுக்கவா, தனியாப் போடவா?" என்று சங்கடமில்லாமல் கேட்க முடியும்.

இப்போது விலைக்கு வரலாம். ஊரில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து அதில் ஐம்பது குறைத்துச் சொல்வதுதான் புதிதாக வருபவர்களின் வழக்கம். அந்த மற்றவர் எப்படி விலை வைத்தார் என்பது யாருக்கும் தெரியாது, அவரும் இப்படித்தான் விசாரித்திருப்பார். மணிக்கணக்கில் இருந்து தொடங்குவது நல்லது.

நம் எழுத்தாளர் மாதம் 40,000 ரூபாய் ஈட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் செலவு, இணையம், மடிக்கணினித் தேய்மானம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள் வர வேண்டும். சம்பளக்காரராக இருந்தால் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் செலவுகள் இவை. மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 200 மணி. ஆனால் அதில் பாதிக்குத்தான் யாராவது காசு தருவார்கள். மீதி, வேலை தேடுவதிலும் கொட்டேஷன் எழுதுவதிலும் பணம் கேட்டுப் போன் செய்வதிலும் போய்விடும். ஆக 100 மணி நேரம், மணிக்கு 400 ரூபாய்.

இந்தக் கடைக்கு எத்தனை மணி? படக் கேப்ஷன் ஒன்றுக்கு 35 நிமிடம் என்றால் பன்னிரண்டுக்கு 7 மணி. ரீல்ஸ் ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் எட்டுக்கு 2 மணி 40 நிமிடம். மாதத் தொடக்கப் பேச்சு ஒரு மணி. விட்டுப்போன விவரங்களைத் துரத்திப் பிடிக்க 2 மணி. ஒரு சுற்றுத் திருத்தத்தில் இருபதில் எட்டு திரும்பி வரும், ஒன்றுக்குக் கால் மணி என்று 2 மணி. ஷீட் போட, பில் அனுப்ப 20 நிமிடம். கூட்டினால் 15 மணி. நானூறால் பெருக்கினால் 6,000 ரூபாய், கேப்ஷனுக்கு 300.

அதாவது வாட்ஸ்அப்பில் சொன்ன அதே 300தான். வித்தியாசம் என்னவென்றால், இந்த 300க்குள் என்ன இருக்கிறது என்று இப்போது தெரியும். கரெக்‌ஷனுக்கு வரம்பு போடாமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடலாம். இருபதும் தலா மூன்று தடவை திரும்பி வந்தால், தடவைக்குக் கால் மணி என்று 15 மணி நேரம் திருத்தத்துக்கே போகும். முன்பு ஒதுக்கிய 2 மணியைக் கழித்துவிட்டு இதைச் சேர்த்தால் மொத்தம் 28 மணி. அதே 6,000 ரூபாய், மணிக்கு 214 ஆகிவிடும். விலை பேசும்போது யாரும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, ஆனால் கூலி கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. திருத்தச் சுற்றை விலைக்கு முன்னால் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

விலைப் பத்தியில் இன்னும் இரண்டு மூன்று எண்கள் வேண்டும். மாதக் கணக்குக்கு மேல் கேட்கும் கேப்ஷன் 350 ரூபாய், ஏனென்றால் திட்டமிட்ட வேலைக்கு நடுவே அதைச் செருக வேண்டும். அன்றைக்கே வேண்டும் என்றால் ஒன்றரை மடங்கு, 525. புடவைக் கடைக்கு வருடம் முழுக்க ஒரே வேகத்தில் ஓடாது. சித்திரைத் திருவிழா, ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று வரும்போது இருபது எந்த மூலைக்கு? தீபாவளி மாதத்துக்கு 35 வேண்டும் என்று முந்தைய மாதம் 22ஆம் தேதிக்குள் சொல்லிவிட்டால் கூடுதல் பதினைந்தும் 300 விலையிலேயே, அதாவது 4,500 ரூபாய். சொல்லாமல் நடுவில் கேட்டால் 5,250. முன்கூட்டிச் சொன்னால் லாபம் என்று இப்படி விலையிலேயே காட்டிவிட்டால் கெஞ்ச வேண்டியதில்லை.

மாறாக, வியாபாரம் மந்தமான மாதத்தில் கடை பதினான்கைத்தான் பயன்படுத்தியது என்றால் மீதி ஆறு என்ன ஆகும்? "அடுத்த மாசம் சேர்த்துக்கலாம்" என்று கடைக்காரர் சொல்வார். அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் முப்பத்தாறு சேர்ந்து ஒரே நாளில் வந்து நிற்கும். நான்கு வரைதான் அடுத்த மாதத்துக்குப் போகும், அதுவும் ஒரு மாதம் மட்டும் என்று எழுதுவது இருவருக்கும் நியாயம்.

வரியைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கட்டும், பின்னால் மனஸ்தாபம் வராது. சேவை தருபவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. போடவும் கூடாது. டி.டி.எஸ். வேறு கதை. மாதம் 6,000 என்றால் ஆண்டுக்கு 72,000. தொழில்முறைச் சேவைக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கும் நிறுவனம் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுக்க வேண்டும். அப்படியானால் கைக்கு வருவது 5,400. மீதி 600 எங்கும் போய்விடவில்லை, உங்கள் பான் எண்ணில் அரசிடம் இருக்கிறது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழியும், அல்லது திரும்ப வரும். கடை தனி ஒருவர் பெயரில் இருந்து, முந்தைய ஆண்டு விற்பனை ஒரு கோடியைத் தாண்டவில்லை என்றால் அவர் பிடிக்க வேண்டிய கடமையே இல்லை. எப்படியானாலும், 6,000 என்பது பிடித்தம் செய்வதற்கு முந்தைய தொகை என்று கொட்டேஷனில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பணம் எப்போது? கடனுக்குப் புடவை கொடுத்து வசூல் செய்யும் பாடு கடைக்காரருக்கே தெரியும், ஆகவே கூச்சப்படாமல் முன்பணம் கேட்கலாம். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் பாதி, இரண்டாவது தொகுப்புக் கொடுக்கும்போது மீதி. உத்யம் பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு, தனியாக வேலை செய்பவரும் அதில் பதிந்துகொள்ளலாம், சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. வாங்கியவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும், அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் தேதி எதுவும் இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2006ஆம் ஆண்டுச் சட்டம் இது. ஆனால் 3,000 ரூபாய்க்காக யாரும் புகார் எழுதிக்கொண்டிருக்கப் போவதில்லை. பாதி பணம் வரும்வரை அடுத்த தொகுப்பு போகாது என்ற வரிக்குத்தான் நடைமுறையில் பலம் அதிகம்.

எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதைப் பெரும்பாலானோர் எழுதுவதே இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதியது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். தனியாக வேலை செய்பவர் எழுதியது, காசு வாங்கியிருந்தாலும், முதலில் எழுதியவருக்கே சொந்தம். அது கடைக்குப் போக வேண்டும் என்றால் எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தர வேண்டும். அதில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். துபாயிலும் சிங்கப்பூரிலும் புடவை அனுப்பும் கடைக்கு இது முக்கியம். கடைக்காரருக்கு உரிமையை முழுதாகக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, புடவை விற்றுத் தீர்ந்த பிறகு அந்தக் கேப்ஷனை வைத்து எழுதியவர் என்ன செய்யப் போகிறார்? பணம் முழுதாக வந்த பிறகே உரிமை மாறும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதோடு, அதே வரியைத் துணிப்பையிலோ பேருந்து நிலைய விளம்பரப் பலகையிலோ போடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும்.

இதெல்லாம் இரண்டு பக்கத்தில் அடங்கும். மூன்று மாதத்துக்கு ஒப்பந்தம், விலக வேண்டுமானால் எந்தப் பக்கமும் 15 நாள் முன்னறிவிப்பு, இந்த விலை இன்ன தேதிவரை செல்லும் என்று முடித்து, இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டு அனுப்பலாம்.

அனுப்பிய மறுநாள் போன் வரும். "எல்லாம் சரிம்மா, 4,500ன்னு முடிச்சுக்கலாமே."

புடவைக் கடைக்காரர் பேரம் பேசாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இங்கே தவறு செய்பவர்கள் 5,000க்கு இறங்கி, அதே இருபதை ஒப்புக்கொண்டுவிடுவார்கள். அடுத்த மாதம் அது 4,500 ஆகும், ஏனென்றால் முதலில் சொன்ன விலை சும்மா சொன்னது என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கணக்குப் போட்டு வைத்திருப்பவர் கூலியைத் தொடாமல் வேலையைக் குறைப்பார். 4,500ஐ 400ஆல் வகுத்தால் 11 மணி 15 நிமிடம். பேச்சு, விவரம், பில் ஆகிய மூன்றும் எத்தனை கேப்ஷன் என்றாலும் குறையாது, 3 மணி 20 நிமிடம் அதற்குப் போகும். மீதி 7 மணி 55 நிமிடத்தில் 8 படக் கேப்ஷனும் 6 ரீல்ஸும் எழுதலாம், திரும்பி வரும் ஐந்தைத் திருத்தலாம்.

"தாராளமா அண்ணே. 4,500க்குப் பதினாலு வரும். திருத்தம் அஞ்சு கேப்ஷனுக்கு. எதை வேணும்னு சொல்லுங்க, அதையே டைப் பண்ணி அனுப்பிடறேன்."

பதினான்கில் ஒரு கேப்ஷன் 321 ரூபாய் விழும், இருபதில் 300 என்று அவரே கணக்குப் போட்டுப் பார்ப்பார். கடைக்காரர் அல்லவா, அதற்கு அதிக நேரம் எடுக்காது.